“கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேம்”: சம்பளப் பேச்சில் ஹெச்.ஆருக்கு அனுப்பும் மெசேஜைத் திருத்தி எழுதுவது எப்படி?

இன்டர்வியூ எல்லாம் முடிந்து, “செலக்ட் ஆயிட்டீங்க” என்று போன் வந்த பிறகு நடக்கும் பேச்சு இப்போது பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான். ஹெச்.ஆரும் “ஹாய்” போட்டுத்தான் ஆரம்பிக்கிறார். அதனால் நாமும் ஃபிரெண்டுக்கு டைப் பண்ணுகிற மாதிரி நாலு வரியை நாலு மெசேஜாக உடைத்து, கடைசியில் ஒரு கும்பிடு எமோஜியும் போட்டு அனுப்பிவிடுகிறோம். வருடத்துக்கு ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ அந்த இடத்தில்தான் நழுவுகிறது.

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உங்களோடு சாட் பண்ணுகிற ரெக்ரூட்டர் சம்பளத்தை முடிவு பண்ணுகிற ஆள் அல்ல. கம்பெனிக்குள் இருக்கும் ரெக்ரூட்டர் என்றால், அந்த வேலைக்கு ஒரு பேண்ட், அதாவது இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று ஒரு சம்பள வரம்பு, இருக்கும். அதற்குள் எவ்வளவு தரலாம், அதைத் தாண்ட வேண்டுமா என்பதற்கு மேனேஜரிடமும் மேலேயும் அப்ரூவல் வாங்க வேண்டும். கன்சல்டன்சி ஆள் என்றால், அவருக்குக் கம்பெனி தரும் கமிஷன் பொதுவாக உங்கள் வருடச் சம்பளத்தில் ஒரு சதவீதம். உங்களுக்குக் கூடினால் அவருக்கும் கூடும். ஆனால் ஆஃபர் உடைந்துபோனால் ஒன்றும் கிடைக்காது என்பதால் “ஒத்துக்கோங்க சார்” என்றுதான் தள்ளுவார். இரண்டு பேருமே உங்கள் பேச்சை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்கள். ஆகவே நீங்கள் எழுதும் மெசேஜை அப்படியே காப்பி பண்ணி மேனேஜருக்கு அனுப்ப முடியுமா? கீழே வரும் எல்லாத் திருத்தமும் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். நாலு வருட அனுபவம் உள்ள டெஸ்டிங் இன்ஜினியர். பெருங்குடியில் ஆஃபீஸ், மடிப்பாக்கத்தில் வீடு. இப்போதைய சி.டி.சி. 7.2 லட்சம், முழுக்க ஃபிக்ஸட், மாதம் கையில் சுமார் 55,000 வருகிறது. செலினியம் ஆட்டோமேஷன் தெரியும், பேமென்ட் சம்பந்தப்பட்ட ப்ராஜெக்ட்டில் வேலை செய்தவர். புதுக் கம்பெனியின் ரெக்ரூட்டர் முதல் நாளே “எக்ஸ்பெக்டேஷன் எவ்ளோ?” என்று கேட்டார். இவர் அனுப்பியது:

> மேம் கரெண்ட் 7.2 மேம்
> எக்ஸ்பெக்டிங் 9.5 டு 10 மேம்
> நெகோஷியபிள் தான் மேம் 🙏

மூன்று வரியில் மூன்று ஓட்டை. ரேஞ்ச் சொன்னால் கேட்கிறவர் காதில் விழுவது கீழ் எண் மட்டும்தான், 9.5 என்று அங்கே பதிவாகிவிட்டது. “நெகோஷியபிள்” என்பது யாரும் கேட்காமலே நாமாகத் தள்ளுபடி கொடுப்பது. இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை, அந்த 9.5 எதில் என்று சொல்லவே இல்லை. ஃபிக்ஸடா, வேரியபிளும் சேர்த்தா? சொல்லாவிட்டால் கம்பெனி தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்ளும். அதில் தப்பும் சொல்ல முடியாது.

இதையே இப்படி அனுப்பியிருக்கலாம்:

> வணக்கம் மேடம். என்னுடைய இப்போதைய சி.டி.சி. 7.2 லட்சம், முழுவதும் ஃபிக்ஸட். புதிய வேலைக்கு நான் எதிர்பார்ப்பது ஃபிக்ஸட் 9.6 லட்சம், வேரியபிள் தனி. இந்த ரோலுக்கான பட்ஜெட் இதற்குள் வருமா என்று சொல்ல முடியுமா?

ஒரே எண், அது எந்த வகை என்ற விளக்கம், பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வி. “மேம்” ஒரு தடவை போதும். ஒவ்வொரு வரியிலும் போட்டால் மரியாதை கூடாது, பயம்தான் தெரியும். நான் இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்புகிறவர் என்றாலும் வரிசை இதேதான்.

இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். கடைசி மூன்று மாத பே-ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள், சில இடத்தில் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். வெரிஃபிகேஷனில் மாட்டினால் ஆஃபரே போய்விடும். எதிர்பார்ப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை, இருக்கிற சம்பளம் மட்டும் பே-ஸ்லிப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

ஆஃபர் வந்ததும் டைப் பண்ணாதீர்கள், கணக்குப் போடுங்கள்

நம்ம கேஸில் அந்த ஓட்டை மெசேஜ்தான் போயிருந்தது. ஒரு வாரம் கழித்து ரெக்ரூட்டர் எழுதினார்: “கன்கிராட்ஸ்! 9.6 லட்சம் அப்ரூவ் ஆயிருக்கு. 33 சதவீத ஹைக். ஓகேன்னு சொன்னா இன்னிக்கே லெட்டர் ரிலீஸ் பண்ணிடறேன்.”

7.2-ல் இருந்து 9.6, கணக்குப்படி 33 சதவீதம் சரிதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது பிரேக்-அப். அதற்கு நீளமான மெசேஜ் வேண்டாம்: “நன்றி மேடம். சம்பள பிரேக்-அப் ஷீட் அனுப்பினால் பார்த்துவிட்டு நாளை மதியத்துக்குள் பதில் சொல்கிறேன்.” இன்றைக்கே ஓகே வேண்டும் என்று அவசரப்படுத்துவது வழக்கம். பதில் எப்போது வரும் என்று நீங்களே நேரம் சொல்லிவிட்டால் ஒரு நாள் காத்திருக்க யாரும் மறுப்பதில்லை.

ஷீட் வந்தது. 9.6 லட்சத்தில் 96,000 வேரியபிள். மீதி ஃபிக்ஸட் 8.64 லட்சம். அதில் பாதி, அதாவது 4.32 லட்சம் பேசிக். கம்பெனி போடும் பி.எஃப். பேசிக்கில் 12 சதவீதம், வருடத்துக்கு 51,840. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 20,800. இந்த இரண்டும் சி.டி.சி.க்குள் இருந்தாலும் மாதச் சம்பளத்தில் வராது. இரண்டையும் கழித்தால் மாதம் சுமார் 65,950. அதில் நம் பங்கு பி.எஃப். 4,320 போகும். அரையாண்டுக்கு 1,250 என்று மாநகராட்சிக்குப் போகும் தொழில் வரியை மாதமாகப் பிரித்தால் 208. புதிய வரி முறையில் 2025-26 கணக்குப்படி 12.75 லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, எனவே டி.டி.எஸ். கவலை இல்லை. கடைசியில் கையில் நிற்பது சுமார் 61,400.

55,000 வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 61,400. சதவீதத்தில் 12-ஐத் தொடவில்லை.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பி.எஃப். பணம் காணாமல் போவதில்லை, உங்கள் கணக்கில்தான் சேர்கிறது. பழைய கம்பெனி 15,000 ரூபாய் உச்சவரம்பை வைத்து மாதம் 1,800 மட்டும் பிடித்திருந்தால், புது இடத்தில் 4,320 பிடிப்பது சேமிப்பு கூடியது என்றும் பார்க்கலாம். ஆகவே “பி.எஃப்.ல காச எடுத்துட்டீங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள், போனால் உங்களுக்கு விவரம் தெரியாது என்று ஆகிவிடும். கேள்வி கேட்க வேண்டியது அந்த 96,000 வேரியபிளைப் பற்றி. கம்பெனி நன்றாக ஓடினால், உங்கள் ரேட்டிங் நன்றாக இருந்தால் வரும். இல்லாவிட்டால் குறைந்து வரும். கிராஜுவிட்டியும் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும்.

கேட்கும் மெசேஜ்

கணக்குப் போட்டதும் கோபம் வரும். அந்தக் கோபத்தில் இவர் டைப் பண்ணியது இது. நல்லவேளையாக, அனுப்பவில்லை:

> மேம் டேக் ஹோம் ரொம்ப கம்மியா இருக்கே மேம்
> நா 9.5 டு 10 ன்னு சொன்னது ஃபிக்ஸட் மேம்
> வீட்ல லோன் இருக்கு, தங்கச்சி படிக்கிறா, இப்போ ரெண்ட் வேற ஏத்திட்டாங்க
> கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மேம் ப்ளீஸ்

ரெக்ரூட்டர் நல்ல மனசுக்காரராகவே இருக்கட்டும். இதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய் என்ன சொல்வார்? “கேண்டிடேட் தங்கச்சி படிக்கிறாங்களாம்” என்றா? வீட்டுக் கஷ்டம் உண்மைதான், ஆனால் அப்ரூவல் மெயிலில் அதற்கு இடமே கிடையாது. “பாத்துப் பண்ணுங்க” என்பது, ஆட்டோக்காரர் மீட்டர் போடாமல் வந்துவிட்டு “பாத்துக் குடுங்க சார்” என்று சொல்கிற மாதிரி. எவ்வளவு என்று சொல்லாததால் நாம் இருபது ரூபாய் மட்டும் கூடுதலாகக் கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

திருத்தும்போது நான் செய்வது இதுதான். அந்தக் குறுகிய மெசேஜை நோட்ஸில் ஒட்டி, வரி வரியாக “இது எண்ணா, காரணமா, கேள்வியா?” என்று பார்ப்பேன். மூன்றும் இல்லாத வரியை எடுத்துவிடுவேன். இங்கே மூன்றாவது வரி முழுசாகப் போகிறது. முதல் வரியில் “கம்மி” என்பதற்குப் பதில் எண் வர வேண்டும். நாலாவது வரி கேள்வியாக மாற வேண்டும். சிக்கல் இரண்டாவது வரியில். அவர் ஃபிக்ஸட் என்று சொல்லவே இல்லை. சாட்டை மேலே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை “நான் அப்பவே சொன்னேன்” என்று எழுதினால் பொய், “ஸாரி, சொல்ல மறந்துட்டேன்” என்று எழுதினால் பலவீனம். நடந்ததை நடந்தபடி ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவதே நல்லது:

> வணக்கம் மேடம். பிரேக்-அப் பார்த்தேன், நன்றி. இந்த ரோலில் சேர எனக்கு விருப்பம் இருக்கிறது.
>
> முன்பு எதிர்பார்ப்பைச் சொன்னபோது ஃபிக்ஸட், வேரியபிள் என்று நாம் பிரித்துப் பேசவில்லை. என் இப்போதைய 7.2 லட்சம் முழுவதும் ஃபிக்ஸட். ஆஃபரில் ஃபிக்ஸட் 8.64 லட்சம், அதாவது ஃபிக்ஸடில் 20 சதவீத உயர்வு.
>
> ஜே.டி.யில் கேட்டிருக்கும் செலினியம் ஆட்டோமேஷனும் பேமென்ட் டெஸ்டிங்கும் இப்போது நான் தினமும் செய்யும் வேலை. இரண்டாவது ரவுண்டில் மேனேஜர் ஏ.பி.ஐ. டெஸ்டிங்கையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.
>
> இதை வைத்து ஃபிக்ஸட் 9.6 லட்சம், வேரியபிள் தனியாக என்று மாற்ற முடியுமா? அப்படி வந்தால் லெட்டர் கிடைத்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

இதில் ஒரு வரியும் அலங்காரத்துக்காக இல்லை. “விருப்பம் இருக்கிறது” என்பது ரெக்ரூட்டருக்குத் தெம்பு. மேலே போய்ப் பேசி அப்ரூவல் வாங்கிவந்த பிறகு கேண்டிடேட் ஓடிவிடுவாரோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். 33-க்கு எதிரே 20 என்ற சதவீதம் நிற்கிறது, அதுவும் அவர்கள் அனுப்பிய ஷீட்டிலிருந்தே எடுத்தது. காரணம் உங்கள் வீட்டிலிருந்து வரவில்லை, அவர்களுடைய ஜே.டி.யிலிருந்தும் அவர்கள் மேனேஜர் வாயிலிருந்தும் வந்திருக்கிறது. மேனேஜர் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் அந்த வரியை எழுதக் கூடாது, ஏனென்றால் இந்த மெசேஜ் அவரிடமே போகும். கடைசி வரியில் நீங்கள் கேட்பதும் கொடுப்பதும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்னொரு ஆஃபர் நிஜமாகவே கையில் இருந்தால், மூன்றாவது பத்திக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: “எனக்கு ஃபிக்ஸட் இவ்வளவு என்று இன்னொரு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது, உங்கள் ரோல்தான் என் முதல் விருப்பம்.” இல்லாத ஆஃபரைச் சொன்னால் “லெட்டர் ஷேர் பண்ணுங்க” என்று ஒரே மெசேஜில் கதை முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மெசேஜாக அனுப்புங்கள். மெயில் ஐ.டி. தெரிந்தால் மெயிலில் போட்டுவிட்டு, வாட்ஸாப்பில் “மெயில் அனுப்பியிருக்கிறேன் மேடம்” என்று மட்டும் எழுதுங்கள். மெயில் ஃபார்வர்ட் ஆவது சுலபம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. “ப்ரொஃபஷனல்” என்றதும் சிலர் மறுகோடிக்குப் போய், மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் மேலான பார்வைக்கு என்று மனு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நேற்று வரை “ஓகே மேம்” போட்டவர் இன்று திடீரென்று தாசில்தார் ஆஃபீஸ் பாஷையில் வந்தால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். வாயால் சொன்னால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

“பட்ஜெட் இவ்ளோதான்” என்று வந்தால்

முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: “மேக்ஸிமம் குடுத்திருக்கோம், இதுக்கு மேல பட்ஜெட் இல்ல.” உடனே “ஓகே மேம் பரவால்ல” என்று இறங்கினால், மேலே கேட்டதெல்லாம் சும்மா கேட்டது என்று ஆகிவிடும். “அப்போ எனக்கு வேணாம்” என்றால், நிஜமாகவே விட்டுவிடத் தயாராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது:

> புரிகிறது மேடம். 9.6 லட்சம் இந்த பேண்டில் வராது என்றால், ஃபிக்ஸட் அதிகபட்சம் எவ்வளவு வரை போக முடியும்? மீதி வித்தியாசத்தை ஜாயினிங் போனஸாகத் தர முடியுமா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

ஜாயினிங் போனஸ் ஏன் கேட்கிறோம்? சம்பளத்தைக் கூட்டினால் டீமில் ஏற்கெனவே இருக்கிறவர்களோடு ஒப்பீடு வரும், வருடா வருடம் அந்தச் செலவு நிற்கும். போனஸ் ஒரே தடவை. அதனால் ஃபிக்ஸடுக்கு மூடின கதவு போனஸுக்குத் திறப்பதுண்டு. ஆனால் வாங்கும்போதே கிளாபேக் என்ன என்று கேட்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்பது பொதுவான விதி. முழுத்தொகையா, வேலை பார்த்த மாதங்களைக் கழித்து மீதி மட்டுமா என்பதில்தான் வித்தியாசம்.

நம்ம கேஸில் பதில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: ஃபிக்ஸட் 9.12 லட்சம், வேரியபிள் அதே 96,000, ஜாயினிங் போனஸ் 50,000. கையில் மாதம் சுமார் 64,800. முதல் ஆஃபரை விட மாதம் 3,400 கூட. அடுத்த ஹைக்கும் இந்த ஃபிக்ஸட் மேல்தான் கணக்காகும். கேட்ட 9.6 முழுசாக வரவில்லை. இந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது என் கருத்து. இரண்டாவது தடவையும் பதில் வாங்கிய பிறகு மூன்றாவது தடவை “இன்னும் ஒரு 20,000” என்று ஆரம்பித்தால் ரெக்ரூட்டர் கைவிட்டுவிடுவார், மேனேஜரும் சலித்துப்போவார்.

வேலை செய்யாத இடங்களும் உண்டு. கேம்பஸ் ஆஃபரில் பொதுவாக எல்லோருக்கும் ஒரே சம்பளம், அங்கே இந்த மெசேஜுக்குப் பலன் இல்லை. பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது அனுபவ வருடத்தை வைத்து ஃபிக்ஸ் பண்ணிவிடுவார்கள். மெசேஜ் வேலை செய்கிறதா என்பது பதிலிலேயே தெரியும். “நோட்டீஸ் எவ்ளோ நாள்?”, “பே-ஸ்லிப் இன்னொரு தடவை அனுப்புங்க” என்று திருப்பிக் கேட்டால் அப்ரூவல் ஓடிக்கொண்டிருக்கிறது. “செக் பண்ணிட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று வேலை நாள் சத்தமே இல்லை என்றால் ஒரே ஒரு தடவை, “மேடம், ஆஃபர் விஷயமாக ஏதாவது முடிவானதா?” என்று கேளுங்கள். கேள்விக்குறியாக மட்டும் நாலு மெசேஜ் அனுப்பாதீர்கள்.

போனில் சொன்னது

சென்னை ரெக்ரூட்டர்கள் முக்கியமான விஷயத்தை எழுத மாட்டார்கள், கூப்பிட்டுச் சொல்வார்கள். “ஆறு மாசத்துல ரிவிஷன் பண்ணிடலாம்”, “வேரியபிள் ஃபுல்லா வந்துடும், கவலைப்படாதீங்க” எல்லாம் போனில் மட்டும் வரும். போனை வைத்ததும் “தேங்க்ஸ் மேம்” போடுவதற்குப் பதில் இதைப் போடுங்கள்:

> இப்போது பேசியதற்கு நன்றி மேடம். ஃபிக்ஸட் 9.12 லட்சம், வேரியபிள் 96,000, ஜாயினிங் போனஸ் 50,000 முதல் மாதச் சம்பளத்தோடு, ஒரு வருடத்துக்குள் விலகினால் மீதி மாதங்களுக்கு மட்டும் திருப்பித் தர வேண்டும், ஆறாவது மாதம் சம்பள ரிவிஷன். இவை லெட்டரில் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏதாவது மாறுதல் இருந்தால் சொல்லுங்கள்.

“ரிவிஷன் லெட்டர்ல வராது, பாலிஸி அப்படி” என்று பதில் வந்தால் அந்த ரிவிஷனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதியை வைத்து முடிவு பண்ணுங்கள்.

நோட்டீஸ் விஷயத்திலும் அவசர வாக்கு வேண்டாம். 90 நாள் நோட்டீஸ் இருப்பவர்கள், “30 நாள்ல வந்துடுவேன் மேம்” என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் பிறகு மேனேஜர் ரிலீஸ் பண்ணாமல் மாட்டிக்கொள்கிறார்கள். “என் நோட்டீஸ் 90 நாள். முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்கிறேன். பை-அவுட் பண்ணினால் அந்தத் தொகையை உங்கள் கம்பெனி ஏற்குமா?” என்பது போதும். மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்பே விலகுவதுதான் பை-அவுட். ஆள் அவசரமாக வேண்டும் என்றால் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரும்.

லெட்டர் வந்ததும் நீங்கள் அனுப்பிய அந்தச் சுருக்க மெசேஜைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிக்ஸட், போனஸ் தேதி, கிளாபேக் வரி, சேரும் தேதி. நாலும் சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அவர்களிடமிருந்து “ரிசீவ்ட்” என்று பதில் வந்த பிறகு பழைய கம்பெனியில் ராஜினாமா மெயில் போடலாம்.